முடிவுக்கு முன்னால் சொல்ல வேண்டிய நன்றி

கல்லூரிகளில் துறைகளுக்கு இடையே நடக்கும் கலைப் போட்டிகளின் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, போட்டிகள், நடுவர்களின் சில வார்த்தைகள், முடிவு அறிவிப்பு, பரிசளிப்பு, நன்றியுரை, கடைசியில் தேசிய கீதம். இந்த வரிசையில் நடுவர்களுக்கு நன்றி சொல்லும் நேரம்தான் மிகவும் சங்கடமானது. முடிவு தெரிந்த பிறகு வென்ற துறை மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கும். தோற்ற துறை வாசலை நோக்கி நடக்கும். நடுவர் பெயரைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு “ஓ...” எழும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மதிப்பெண் போட்டவருக்கு அந்தக் கல்லூரியின் கடைசி நினைவாக அது தங்கிவிடுகிறது.

இதைத் தவிர்க்க முதல் வழி எளிது. நன்றியை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். நடுவர்களுக்கான நன்றியும் பொன்னாடையும் நினைவுப் பரிசும் முடிவுக்கு முன்னால். மற்றவர்களுக்கான நன்றியுரை வழக்கம்போல் கடைசியில். முடிவு தெரியாத வரை அரங்கில் எல்லாத் துறைகளுக்கும் நடுவர்கள் பொதுவானவர்கள். அப்போது கிடைக்கும் கைதட்டல் முழு அரங்கின் கைதட்டல். முடிவையும் நடுவர் கையால் அறிவிக்க வைக்கக் கூடாது. விழாக் குழுவின் ஒருங்கிணைப்பாளரோ முதல்வரோ அறிவிக்கட்டும்.

வரிசையை மாற்றினால் மட்டும் போதாது. நடுவர் எதற்குப் பொறுப்பு, விழாக் குழு எதற்குப் பொறுப்பு என்பது நன்றி சொல்பவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏமாற்றம் எழும்போது பெரும்பாலும் இந்த இரண்டும்தான் குழம்பிப்போகின்றன.

குழு நடனப் போட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று நடுவர்கள், ஒவ்வொருவரும் 100க்கு மதிப்பெண் போடுகிறார்கள். இயற்பியல் துறைக்கு முதல் நடுவர் 82, இரண்டாமவர் 81, மூன்றாமவர் 70. வணிகவியல் துறைக்கு முறையே 80, 79, 88. கூட்டினால் இயற்பியல் 233, வணிகவியல் 247. வணிகவியலுக்கு முதல் பரிசு. ஆனால் மூன்று நடுவர்களில் இருவர் இயற்பியலைத்தான் முன்னால் வைத்திருக்கிறார்கள். இது எப்படியோ வெளியே கசிந்தால் மறுநாள் கல்லூரி முழுக்கப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். மூன்றாம் நடுவர் மீது சந்தேகம் பாயும்.

அவர் செய்ததில் தவறு எதுவும் இல்லை. சிலர் எல்லா அணிக்கும் எண்பதை ஒட்டியே மதிப்பெண் போடுவார்கள். சிலர் பிடித்ததற்கு அள்ளிக் கொடுத்து, குறை கண்ட இடத்தில் நன்றாகக் குறைப்பார்கள். வெறுமனே கூட்டும் முறையில் இரண்டாவது வகையினரின் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். மதிப்பெண்ணைக் கூட்டாமல் ஒவ்வொரு நடுவரும் தரும் இடத்தைக் கணக்கில் எடுத்தால், அதே தாள்களில் இயற்பியல் வென்றிருக்கும். இரண்டு முறைக்கும் அதனதன் நியாயம் உண்டு. எதைப் பின்பற்றுவது என்று தீர்மானித்தது விழாக் குழு, நடுவர் அல்ல. ஆகவே அந்த முறைக்கான பதிலும் விழாக் குழுவிடமிருந்துதான் வர வேண்டும்.

இதை மனதில் வைத்தால் மேடையில் என்ன சொல்வது என்பது தானாகவே தெளிவாகும். நன்றி சொல்லும் மாணவி இப்படிப் பேசலாம்: “காலையிலிருந்து பன்னிரண்டு அணிகளைப் பார்த்து, ஒவ்வோர் அணிக்கும் தாளில் ஒரு குறிப்பும் எழுதித் தந்திருக்கிறீர்கள் ஐயா, அம்மா. அந்தக் குறிப்புகளை இன்றே அணித் தலைவர்களிடம் கொடுக்கப் போகிறோம். மதிப்பெண்களைக் கூட்டி வரிசைப்படுத்தும் முறை எங்கள் விழாக் குழு வகுத்தது. அதைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் நாங்களே பதில் சொல்வோம். உங்கள் நேரத்துக்கும் கவனத்துக்கும் எல்லாத் துறைகளின் சார்பிலும் நன்றி.” ஒரு நிமிடம்கூட ஆகாது. நடுவர் உண்மையில் செய்த வேலை அதில் இருக்கிறது. கேள்வி யாரிடம் வர வேண்டும் என்பதும் அரங்கத்துக்குப் புரிந்துவிடுகிறது.

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சில வாக்கியங்கள் எதிர்விளைவை உண்டாக்கும். “இங்கே எல்லோருமே வெற்றியாளர்கள்” என்றால், அப்படியானால் நடுவர் எதற்கு என்ற கேள்வி எழும். “நூலிழையில்தான் வெற்றி போனது” என்று ஆறுதல் சொல்லிவிட்டு, பிறகு பதினான்கு மதிப்பெண் வித்தியாசம் தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும். “சிலருக்கு முடிவு வருத்தம் தந்திருக்கலாம், மன்னிக்கவும்” என்பது இன்னும் மோசம். நடுவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவர்கள் தீர்ப்புக்காக மன்னிப்புக் கேட்பதாக அது ஆகிவிடும்.

மேடை முடிந்த பிறகுதான் உண்மையான சிக்கல். தேநீர் குடிக்கும் இடத்தில் யாராவது ஒரு மாணவரோ, சில சமயம் துறைப் பேராசிரியரோ, நடுவரை நெருங்கி “எங்க டீமுக்கு ஏன் சார் இடம் கிடைக்கல?” என்று கேட்டுவிடுவார்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் அது வேறு உருவத்தில் பரவும். அதனால் நடுவர்களை வண்டி வரை அழைத்துச் செல்ல, போட்டியில் கலந்துகொள்ளாத இரண்டு மாணவர்களை முன்கூட்டியே அமர்த்த வேண்டும். மதிப்பூதிய உறையை அரங்கில் நீட்டாமல் முதல்வர் அறையில் கொடுத்துவிடலாம்.

வருத்தத்தோடு வரும் அணியைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. “நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது” என்ற விதியை மட்டும் காட்டித் திருப்பி அனுப்பினால் கோபம்தான் வளரும். அந்த விதி மதிப்பெண்ணுக்குப் பொருந்தும், கூட்டலுக்குப் பொருந்தாது. ஒருங்கிணைப்பாளர் அணித் தலைவியிடம், “உட்காரும்மா. யார் எவ்வளவு போட்டாங்கன்னு காட்ட முடியாது. உங்க மொத்தம் சரியான்னு உன் முன்னாலயே இன்னொரு தரம் கூட்டிப் பார்க்கறேன். உங்களுக்கு எழுதின குறிப்பையும் வாங்கிட்டுப் போ” என்று சொன்னால், அவள் கேட்க வந்ததில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். “முதல் இரண்டு நிமிடம் அருமை. கடைசிப் பகுதியில் வரிசை கலைந்தது” என்பது போன்ற குறிப்பு, எந்த ஆறுதல் வார்த்தையையும் விடப் பயன் தரும். அதனால்தான் நடுவர்களிடம் போட்டிக்கு முன்பே அந்தத் தாளைக் கொடுத்து, ஒரு நல்லது, ஒரு குறை என்று எழுதச் சொல்வது அவசியம்.

கூட்டலில் உண்மையிலேயே பிழை தெரிந்தால் மறைக்கக் கூடாது. சம்பந்தப்பட்ட இரண்டு அணிகளையும் முதலில் அழைத்துச் சொல்லிவிட்டு, பிறகு எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். பிழை கூட்டலில் நேர்ந்தது, மதிப்பீட்டில் அல்ல என்று நடுவர்களுக்கும் அன்றே தெரிவித்துவிட வேண்டும். இல்லையென்றால் அவர்கள் காதுக்கு அந்தச் செய்தி வதந்தியாகத்தான் போய்ச் சேரும்.

இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு நன்றிக் கடிதம் போக வேண்டும். மூவருக்கும் ஒரே கடிதத்தின் நகலாக இல்லாமல், ஒவ்வொருவர் எழுதிய குறிப்பிலிருந்தும் ஒன்றை எடுத்துச் சொல்லி, அந்த அணி அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றும் இரண்டு வரி சேர்த்தால் போதும். முடிவு குறித்துக் கேள்விகள் எழுந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதலாம். அடுத்த ஆண்டு மதிப்பெண்ணைக் கூட்டுவதா, இடவரிசை முறைக்கு மாறுவதா என்பதைப் போட்டிக்கு முன்பே எல்லாத் துறைகளுக்கும் சொல்லிவிடப் போகிறோம் என்ற ஒரு வரி அந்தக் கடிதத்தில் இருந்தால், எழுந்த கேள்விகளுக்கு அவர்களைப் பொறுப்பாக்கவில்லை என்பது நடுவர்களுக்குப் புரியும்.