எட்டு மணித் தீயும் பத்து மணிக் குறிப்பும்

அவசரப் பிரிவின் துண்டுச்சீட்டில் இப்படிக் கிறுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘அடுப்புத் தீ, காலை 8. வந்தது 10. பெண், 50 கிலோ. வலது கை முழுதும், நெஞ்சு, வயிறு. முகம் சிவப்பு.’

மருத்துவர் முதலில் உடல் வரைபடத்தில் நிறம் தீட்டுகிறார். பெரியவர்களுக்கு ஒரு கை 9 சதவீதம், உடம்பின் முன்பக்கம் 18. ஆக 27. முகம் வெறுமனே சிவந்திருக்கிறது, கொப்புளம் இல்லை. அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

கையில் கொப்புளம், ஈரம், தாங்கமுடியாத வலி: பகுதி ஆழம். வயிறு வெளுத்துத் தோல்போல் விறைத்து, ஊசி குத்தினாலும் உணர்வில்லை: முழு ஆழம். வலி இல்லாத இடமே மோசமான இடம்.

அடுத்தது ரிங்கர் லாக்டேட்: 4 × 50 × 27 = 5,400 மில்லி. பாதியை முதல் 8 மணி நேரத்தில் ஏற்றவேண்டும். அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கியது தீப்பட்ட நேரத்தில். இரண்டு மணி நேரம் போய்விட்டதால், 2,700 மில்லியை மாலை 4 மணிக்குள், மணிக்கு 450 வீதம் கொடுக்கவேண்டும். மீதி அடுத்த 16 மணி நேரத்தில்.

இதுவும் தொடக்கக் கணக்குதான். சிறுநீர் மணிக்கு 25 மில்லிக்குக் குறைந்தால் வேகத்தைக் கூட்டுவார்கள். 50-ஐத் தாண்டினால் குறைப்பார்கள்.