புள்ளி போனா எழுத்து போச்சு: ஸ்கேன் பக்கத்தைக் கருப்பு வெள்ளையாக்குவது எப்படி?

"பல்" என்ற சொல்லில் ல் மேல இருக்கிற புள்ளி அழிஞ்சா "பல" ஆகிவிடும். இரண்டும் சரியான சொல் என்பதால் எந்த ஸ்பெல் செக்கரும் இதைப் பிடிக்காது. இங்கிலீஷில் i மேல இருக்கிற புள்ளி போனாலும் படிச்சுடலாம். தமிழில் புள்ளி போனா மெய்யெழுத்தே உயிர்மெய்யாக மாறிவிடும். ஓசிஆர் செய்வதற்கு முன் பக்கத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றும் அந்த ஒரு ஸ்டெப்பில்தான் இந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை காணாமல் போகின்றன.

எங்க மினி ப்ராஜெக்டுக்காக திண்டுக்கல்லில் ஒரு பழைய புத்தகக் கட்டிலிருந்து தடிமனான ஒரு தமிழ்ப் புத்தகம் எடுத்தோம். தாள் பழுப்பேறி, மெலிசா இருந்தது. ஃப்ளாட்பெட் ஸ்கேனரில் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தோம். தையல் இறுக்கமா இருந்ததால் நடுப்பக்கம் கண்ணாடியில் படியவே இல்லை. அதனால் தையலை ஒட்டின பகுதி முழுக்க நிழல். வெளி ஓரம் மட்டும் பளிச்சுனு இருந்தது.

ஒரே எண் ஏன் போதாது?

கிரே படத்தில் ஒவ்வொரு பிக்சலும் 0 (கருப்பு) முதல் 255 (வெள்ளை) வரை ஒரு எண். த்ரெஷோல்டிங் என்றால் ஒரு எல்லையை வைத்து, அதற்குக் கீழே இருப்பது மை, மேலே இருப்பது தாள் என்று பிரிப்பது. பக்கம் முழுக்க ஒரே எல்லை வைத்தால் அது குளோபல். ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் சுற்றுவட்டாரத்தைப் பார்த்துத் தனி எல்லை வைத்தால் அது அடாப்டிவ்.

எங்க பக்கத்தில் நாலு இடத்தில் மவுஸை வைத்து மதிப்பு பார்த்தோம். வெளிச்சமான ஓரத்தில் தாள் 210, மை 100. நிழல் பகுதியில் தாள் 90, மை 43. இதைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. நிழலில் இருக்கிற தாள் (90), வெளிச்சத்தில் இருக்கிற மையைவிட (100) கருப்பா இருக்கு! எல்லையை 120 என்று வைத்தால் நிழல் பகுதி மொத்தமும் கருப்புப் பட்டையாகிவிடும். 80 என்று வைத்தால் வெளிச்சப் பக்கத்து எழுத்தெல்லாம் மறைஞ்சு போகும். இரண்டு பக்கத்தையும் காப்பாற்றுகிற எண் என்று ஒன்று கிடையவே கிடையாது.

1979-இல் நொபுயுகி ஒட்சு வெளியிட்ட முறை, ஹிஸ்டோகிராமைப் பார்த்து நல்ல எல்லையைத் தானாகவே தேர்ந்தெடுக்கும். ஆனா அதுவும் கடைசியில் ஒரே ஒரு எண்ணைத்தான் தரும். இல்லாத எண்ணை ஒட்சுவாலும் கண்டுபிடிக்க முடியாது.

இதிலிருந்தே தேர்வுக்கான விதி வந்துவிடுகிறது. பக்கத்திலேயே மிகக் கருப்பான தாளையும், மிக வெளிறிய மையையும் அளந்து பாருங்க. தாளின் எண் நல்ல இடைவெளியோடு பெரிசா இருந்தா குளோபல் போதும். இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போனா அடாப்டிவ் தவிர வழியில்லை.

அடாப்டிவில் இரண்டு திருகுகள்

```python
import cv2
g = cv2.imread("page.png", 0)
t, a = cv2.threshold(g, 0, 255,
    cv2.THRESH_BINARY + cv2.THRESH_OTSU)
b = cv2.adaptiveThreshold(g, 255,
    cv2.ADAPTIVE_THRESH_MEAN_C,
    cv2.THRESH_BINARY, 51, 10)
```

இங்கே 51 என்பது சன்னல் அளவு. அது ஒற்றைப்படையாகத்தான் இருக்கணும். 10 என்பது C. ஒவ்வொரு பிக்சலையும் சுற்றி 51×51 சதுரத்தின் சராசரியை எடுத்து, அதிலிருந்து C-ஐக் கழித்தால் அந்த இடத்துக்கான எல்லை கிடைக்கும்.

சன்னலில் சுமார் 15 சதவீதம் மை என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சப் பக்கத்தில் சராசரி ஏறக்குறைய 193, எல்லை 183. நிழலில் சராசரி 83, எல்லை 73. இப்போ 210 வெள்ளை, 100 கருப்பு. 90 வெள்ளை, 43 கருப்பு. இரண்டு பக்கமும் தப்பிச்சிடுச்சு.

சன்னல் குறைந்தது ஒரு எழுத்தைவிடப் பெரிசா இருக்கணும். நாங்க முதலில் 11 வைத்தோம். தலைப்பில் இருந்த பெரிய எழுத்துகள் உள்ளே வெள்ளையாகி, வெறும் கோட்டுருவமா வந்தன. காரணம் எளிது: தடிமனான கோட்டுக்கு நடுவில் சன்னல் முழுக்க மைதான். சராசரியும் மையின் மதிப்பே. அதிலிருந்து C-ஐக் கழித்தால் மையே "தாள்" ஆகிவிடுகிறது. எழுத்து குடைஞ்ச மாதிரி தெரிஞ்சா சன்னலைப் பெரிசாக்குங்க. ரொம்பப் பெரிசாக்கினால், நிழலும் வெளிச்சமும் ஒரே சன்னலுக்குள் வந்து பழைய குளோபல் பிரச்சினைக்கே திரும்பிவிடும்.

புள்ளி எங்கே போச்சு?

உண்மையான சிக்கல் C-இல்தான். மெலிசான தாளில் பின்பக்க எழுத்து லேசாத் தெரியும். எங்க பக்கத்தில் அதன் மதிப்பு சுமார் 190. வெற்று மார்ஜினில் சன்னலின் சராசரி கிட்டத்தட்ட 210, எனவே எல்லை 200. 190 அதற்குக் கீழே! அதனால் பின்பக்க எழுத்தெல்லாம் கருப்புத் துணுக்குகளா முளைச்சு வந்தது. வரிகளுக்கு மேல விழுந்த துணுக்கை ஓசிஆர் புள்ளி என்று படித்தால் "பல" "பல்" ஆகிவிடும்.

சரி, C-ஐ 25 ஆக்கினோம். மார்ஜின் எல்லை 185-க்கு இறங்கி, துணுக்குகள் போயின. ஆனா நிழல் பக்கத்து எல்லையும் 58-க்கு இறங்கியது. அங்கே கோடுகள் 43, அதனால் தப்பின. புள்ளி அப்படி இல்லை. அது ஐந்தாறு பிக்சல்தான்; ஸ்கேன் மங்கலில் சுற்றியுள்ள தாளோடு கலந்து 65 ஆக நின்றது. 65, எல்லையான 58-க்கு மேலே இருப்பதால் வெள்ளை. நிழல் பக்கத்தில் வரிசையா மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய் ஆயிடுச்சு.

அதாவது வெற்று இடத்துக்கு ஒரு C வேணும், எழுத்துள்ள இடத்துக்கு வேற C வேணும். சௌவோலா முறை (2000) செய்வது இதைத்தான். சராசரியோடு, சன்னலுக்குள் மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கு என்ற திட்ட விலக்கத்தையும் பார்க்கிறது:

```
T = m * (1 + k * (s/R - 1))
```

m சராசரி, s திட்ட விலக்கம், R பொதுவாக 128. k = 0.2 வைத்துப் பார்ப்போம். வெற்று மார்ஜினில் s ரொம்பக் குறைவு. எல்லை 170-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும், 190 பேய் எழுத்து வெள்ளை. நிழலில் m 83, s சுமார் 17; எல்லை 69. புள்ளியின் 65 கருப்பாகவே நிற்கிறது. ஒரே k-இல் இரண்டும் சரி. ஆனா k-ஐ 0.5 ஆக்கினால் நிழலில் எல்லை 47 ஆகி, புள்ளி மறுபடி போயிடும்.

டெசராக்ட் 5-இல் இது உள்ளேயே இருக்கு. சும்மா ஓட்டினால் ஒட்சுதான் ஓடும். சௌவோலா வேணும்னா நாம சொல்லணும்:

```
tesseract page.png out -l tam -c thresholding_method=2 -c thresholding_kfactor=0.2
```

இதற்குக் கிரே படத்தையே கொடுங்க. ஏற்கனவே கருப்பு வெள்ளையாக்கின படத்தைக் கொடுத்தால் இந்த ஆப்ஷனுக்கு வேலையே இல்லை. போன புள்ளி போனதுதான்.

எப்பவும் அடாப்டிவா?

இல்லை. அதே புத்தகத்தின் கடைசிச் சில தாள்கள் தையல் விட்டுத் தனியா வந்திருந்தன. அவை கண்ணாடியில் நல்லாப் படிஞ்சன. தாள் எங்குமே 195-க்குக் கீழே போகவில்லை, பின்பக்க எழுத்து உட்பட 180-க்கு மேல்தான். மை 110-ஐத் தாண்டவில்லை. அங்கே ஒட்சு ஒரு துணுக்கு கூட இல்லாமல் தந்தது. C 10 வைத்த அடாப்டிவ் அதே பக்கத்தில் பேய் எழுத்துகளைக் கிளப்பியது. நிழலே இல்லாத இடத்தில் அடாப்டிவ் வைத்தால், அது தாளின் கறையைத் தேடிப் போய்ப் பெரிசாக்கும்.

சோதிக்க சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். நிழல் பக்கத்தில் ஒரு வரியை எடுத்து, புத்தகத்தில் எத்தனை புள்ளி, கருப்பு வெள்ளைப் படத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணுங்க. குறைஞ்சா C-யையோ k-யையோ குறைக்கணும். பிறகு வெற்று மார்ஜினைப் பாருங்க. அங்கே துணுக்கு இருந்தா அதையே கூட்டணும். எங்களுக்கு முதல் நாள் நிழல் வரியில் பதினொரு புள்ளியில் நாலுதான் கிடைச்சது. சௌவோலா, k 0.2, சன்னல் 51 வைத்த பிறகு பதினொன்றும் வந்தது.