சின்னப் பெட்டியில் எதை வைப்பது?

2021 மே 2, ஞாயிறு. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. அதே பிற்பகலில் டெல்லியில் ராஜஸ்தானும் ஹைதராபாதும் ஐபிஎல் ஆடிக்கொண்டிருந்தன. ஜாஸ் பட்லர் 64 பந்தில் 124 அடித்த ஆட்டம் அது. முன்னிலை நிலவரத்தையும் விடக் கூடாது, பட்லரையும் விடக் கூடாது. ஒரே டிவியில் இரண்டையும் பார்ப்பது எப்படி?

முதலில் தோன்றுவது, திரையைச் சரிபாதியாகப் பிரிப்பது. நியாயமான பங்கீடு போலத் தெரியும். கணக்குப் போட்டால்தான் நஷ்டம் புரியும். ஃபுல் எச்டி திரையின் அகலம் 1920 புள்ளி, உயரம் 1080. பாதி அகலத்துக்குள் படம் நசுங்காமல் அடங்க வேண்டுமானால் உயரமும் பாதியாக வேண்டும். ஆக ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது திரையில் கால் பங்கு. இரண்டும் சேர்ந்து பாதி. மீதிப் பாதி மேலும் கீழும் கறுப்பாகக் கிடக்கும்.

மூலையில் சின்னப் பெட்டி வைக்கும் ‘பிக்சர் இன் பிக்சர்’ முறையில் இந்த வீணடிப்பு இல்லை. பழைய குண்டு டிவிகள் சிலவற்றிலேயே இந்த வசதி உண்டு. அதற்கு உள்ளே இரண்டு ட்யூனர் வேண்டும். இரண்டு சேனலும் தத்தம் படங்களை ஒரே நொடியில் தொடங்குவதில்லை என்பதுதான் அங்கே பெரிய தலைவலி. அதனால் சின்னப் படத்தை மூன்று வரிக்கு ஒன்று, மூன்று புள்ளிக்கு ஒன்று என்று சலித்தெடுத்து, ஒரு நினைவகச் சில்லில் சேர்த்து வைத்தார்கள். மாடித் தொட்டி மாதிரி: மோட்டார் அதன் நேரத்துக்கு நிரப்பும், குழாயை நாம் நம் நேரத்துக்குத் திறப்போம். பெரிய படம் அந்த மூலைக்கு வரும்போது சில்லிலிருந்து எடுத்துக் காட்டினால் போதும். பிறகு செட்டாப் பாக்ஸ் வந்தது. பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் டிவிக்குத் தரும் என்பதால், உள்ளே இருந்த ட்யூனர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. இப்போது சில ஸ்மார்ட் டிவிகளில் ஒரு படம் பெட்டியிலிருந்து, இன்னொன்று இணையத்திலிருந்து என்று அந்த வசதி திரும்பி வந்திருக்கிறது.

சரி, எதைச் சின்னதாக வைப்பது? பந்தைக் கேட்டால் சொல்லும். ஸ்டம்பின் உயரம் 71 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் 7-க்குச் சற்று மேல். பந்துவீச்சாளர் பக்கத்துக் கேமராவில் ஸ்டம்ப் 100 புள்ளி உயரம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பந்து பத்துப் புள்ளிதான். படத்தை மூன்றில் ஒன்றாகச் சுருக்கினால் பந்துக்கு மிஞ்சுவது மூன்று புள்ளி. புல்லின் நிறமும் பந்தின் நிறமும் அந்த மூன்று புள்ளிக்குள் கலந்துவிடும். மட்டை சுழல்வது தெரியும், ஃபீல்டர் ஓடுவது தெரியும், நடுவில் பந்து இருக்காது.

செய்தி சுருங்கினாலும் சேதம் உண்டு. கீழே ஓடும் எழுத்து 40 புள்ளி உயரம் என்றால் 13 ஆகிவிடும். ஆங்கிலத் தலைப்பெழுத்து அதில் ஓரளவு பிழைக்கும். நம் எழுத்தில் முதலில் காணாமல் போவது மெய்யின் புள்ளி. அடுத்து ‘கி’யும் ‘கீ’யும் ஒன்றாகிவிடும். ஆனால் செய்திக்குக் குரல் இருக்கிறது. எந்தத் தொகுதியில் யார் முன்னிலை என்று வாசிப்பாளர் சொல்லிவிடுவார். கிரிக்கெட்டுக்கோ, வர்ணனை இல்லாவிட்டாலும் ஸ்கோர் பட்டை பேசும். ஆகவே பெரிய படம் ஆட்டம், ஒலி செய்தியுடையது. இரண்டு ஒலியையும் ஒன்றாக வைக்கலாமே என்று முயன்றால், ஒன்று மற்றதைத் தின்றுவிடும். காது ஒரு பேச்சைத்தான் பின்தொடரும். பெட்டியை மேல் மூலைக்கு நகர்த்துங்கள். கீழே விட்டால் ஸ்கோரை மறைக்கும்.

இனி, எந்த வழியில் எது வர வேண்டும் என்ற கேள்வி. இணைய நேரலை படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. துண்டு ஆறு நொடி, ஓடத் தொடங்குமுன் மூன்று துண்டு சேர வேண்டும் என்றால், அங்கேயே 18 நொடி போச்சு. செயற்கைக்கோள் வழி வருவது பெரும்பாலும் அதைவிட முந்திவிடும். ஆட்டத்தை இணையச் செயலியிலும் செய்தியைச் செட்டாப் பாக்ஸிலும் வைத்தால், பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும் முன்பே செய்தி வாசிப்பவர் விக்கெட்டை அறிவித்துவிடக்கூடும். மாற்றி வைத்தால் தொல்லை இல்லை. மின்னணு இயந்திரத்தில் எண்ணி முடித்த வாக்கு 18 நொடி தாமதமாகத் தெரிந்தால் மாறிவிடப் போவதில்லை.