லிங்க் திறந்தது, மருத்துவர் தெரியவில்லை

முந்தின இரவு சோதித்தபோது குறையின்றி வேலை செய்த வீடியோ ஆலோசனை லிங்க், மறுநாள் மருத்துவர் காத்திருக்கும் நேரத்தில் மட்டும் ஏன் முடங்குகிறது என்பது வாசகர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி. ஒரு தொடுதலில் மருத்துவர் முன்னால் வந்துவிடுவார் என்று விளம்பரங்கள் சொல்வதற்கும், அந்தத் தொடுதலுக்குப் பின் நடப்பதற்கும் இடையே உள்ள தூரத்தைப் புரிந்துகொண்டால், லிங்குடன் அனுப்பப்படும் குறுஞ்செய்தியில் என்ன இருக்க வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

லிங்க் என்பது படத்தையும் குரலையும் சுமந்து செல்லும் குழாய் அல்ல. அது ஓர் அறையின் பெயர் மட்டுமே. நோயாளியும் மருத்துவரும் அதே பெயரைச் சொல்லி ஒரு சர்வரிடம் வந்து சேர்கிறார்கள். பல சேவைகளில் இருவர் மட்டும் பேசும்போது அந்தச் சர்வர் இருவரையும் அறிமுகப்படுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ள, படமும் குரலும் கைபேசியிலிருந்து நேராக மருத்துவரின் கணினிக்குப் போகின்றன. சிக்கல் எழுவது இந்த நேர்வழியைக் கண்டுபிடிக்கும் சில விநாடிகளில்தான்.

பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான் என்பதால், ஒரு வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ரூட்டரின் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. இதை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பாகக் கொள்ளலாம். நூறு வீடுகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே கதவு எண்தான். வாசலில் ஒரு காவலாளி நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கடிதம் வெளியே போனால், யார் யாருக்கு எழுதினார் என்று அவர் குறித்துக்கொள்கிறார். அந்த ஆளிடமிருந்து பதில் வந்தால் மாடிக்கு அனுப்புகிறார். குறிப்பில் இல்லாத எவரிடமிருந்து வந்தாலும் வாசலிலேயே கிழித்துப் போடுகிறார். மருத்துவரின் பக்கத்திலும் இதே போன்ற காவலாளி இருக்கிறார். இரு பக்கமும் அழையாத கடிதத்தை ஏற்காதபோது, முதல் கடிதம் எப்படி உள்ளே போகும்?

இதற்குக் கண்டறியப்பட்ட வழி மிக அழகானது. முதலில் கைபேசி, வெளியே பொது இடத்திலிருக்கும் ஒரு சர்வருக்கு, தன் கடிதத்தின் மேல் எந்த முகவரி எழுதப்பட்டு வந்தது என்று கேட்டு எழுதுகிறது. அந்தச் சர்வர், பார்த்த முகவரியை அப்படியே திருப்பிச் சொல்கிறது. ஸ்டன் எனப்படும் இந்த ஏற்பாட்டின் வேலை அவ்வளவே. இரு பக்கமும் தத்தம் வெளி முகவரியை அறிந்து, அறிமுகச் சர்வர் வழியே பரிமாறிக்கொண்ட பின், ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்குகின்றன. நோயாளியின் முதல் கடிதம் மருத்துவரின் வாசலில் கிழிபடலாம். ஆனால் அது வெளியே போகும்போதே, மருத்துவருக்கு எழுதப்பட்டது என்ற குறிப்பு நோயாளியின் காவலாளியிடம் பதிவாகிவிட்டது. ஆகவே அங்கிருந்து வரும் அடுத்த கடிதம் தடையின்றி மாடியேறுகிறது. கிழிபடுவதற்கென்றே அனுப்பப்பட்ட கடிதம் கதவைத் திறந்துவிட்டுப் போகிறது. சிறிது நேரம் கடிதப் போக்குவரத்து இல்லாவிட்டால் காவலாளி குறிப்பை அழித்துவிடுவார் என்பதால், இருவரும் பேசாதிருக்கும் போதும் கைபேசி சிறு கடிதங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. குரலுக்கு மட்டும் பொதுவாக விநாடிக்கு ஐம்பது கடிதங்கள் என்று கணக்கிட்டால், இந்த ஒப்புமையில் வரும் காவலாளிக்கு மூச்சுவிடவும் நேரமிராது.

எல்லாக் காவலாளிகளும் இப்படி இணங்குவதில்லை. சில வலைப்பின்னல்கள் ஒவ்வொரு புதிய ஆளுக்கும் வெவ்வேறு வாசல் எண்ணைக் கொடுப்பதால், ஸ்டன் சொன்ன முகவரி மருத்துவருக்குப் பயன்படுவதில்லை. பல அலுவலகங்களும் கல்லூரிகளும் இவ்வகைக் கடிதங்களுக்குரிய யுடிபி எனும் முறையையே அடைத்துவிடுகின்றன. அப்போது எஞ்சும் வழி டர்ன். இரு பக்கமும் கடிதங்களைக் கொண்டுபோய்ப் போடும் நடுக்கடை போன்ற சர்வர் அது. சாதாரண இணையதளங்கள் பயன்படுத்தும் 443 என்ற வாயில் வழியாக அதை அடைய முடிந்தால், அடைக்கப்பட்ட அலுவலகத்திலிருந்தும் பேச முடியும். உரையாடல் இரு முனைகளுக்கிடையே மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் நடுக்கடைக்காரரால் அதைக் கேட்க இயலாது. ஆனால் சுற்றுவழி என்பதால் தாமதம் கூடும். டர்ன் நடத்தச் செலவாகும் என்பதால், அதை அளவாக வைத்திருக்கும் சேவைகளே விளம்பரத்தில் பெரிதாகப் பேசும்போது ஐயம் கொள்வது நியாயம்.

வீடியோ ஆலோசனை இந்த நிலைக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2000இல் ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்தில் தொலைமருத்துவ மையம் தொடங்கப்பட்ட காலத்தில் தனிக் கருவிகள் தேவைப்பட்டன. பிரவுசரே போதும் என்ற நிலை 2011க்குப் பின் வளர்ந்தது. 2020 மார்ச்சில் இந்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது.

இனி ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மதுரையிலிருக்கும் தோல் மருத்துவருடன் மாலை 4.30க்கு ஆலோசனை. முந்தின இரவு வீட்டு வைஃபையில் லிங்கைத் திறந்தபோது திரையில் தன் முகம் தெளிவாகத் தெரிந்ததால் எல்லாம் சரி என்று முடிவு செய்கிறார். மறுநாள் அலுவலக வைஃபையில் அதே முகம் தெரிகிறது. மருத்துவரின் கட்டம் மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. இங்கே இரு பிழைகள் உள்ளன. தன் முகம் தெரிவது கேமராவுக்கு அனுமதி கிடைத்தது என்பதற்கு மட்டுமே சான்று. அந்தப் படம் கைபேசியை விட்டு வெளியேறவே இல்லை. அடுத்து, சோதித்த வாசலும் பேசிய வாசலும் வேறு. வீட்டில் அதே வைஃபையில் இரண்டாவது கைபேசியை வைத்துச் சோதித்திருந்தாலும் போதாது. ஒரே குடியிருப்புக்குள் இருப்பவர்கள் வாசலைத் தாண்டாமலே சந்தித்துக்கொள்வார்கள். ஒரு கைபேசி மொபைல் டேட்டாவிலும், மற்றொன்று ஆலோசனை நேரத்தில் பயன்படுத்தப்போகும் வலைப்பின்னலிலும் இருந்தால்தான் அது சோதனை. முடங்கிவிட்டால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுவதே பெரும்பாலும் விரைவான தீர்வு.

ஆகவே மருத்துவமனை அனுப்பும் செய்தி இப்படி அமைவது நல்லது:

“செவ்வாய் மாலை 4.30 (இந்திய நேரம்) மருத்துவர் உங்களைப் பார்ப்பார். 4.00 மணிக்கு, பேசப்போகும் அதே இடத்தில், அதே இணையத்தில், கீழுள்ள லிங்கை குரோமில் திறக்கவும். கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி தரவும். எங்கள் ஊழியரின் குரல் உங்களுக்குக் கேட்டு, உங்கள் குரல் அவருக்குக் கேட்டால் போதும். 4.35 வரை மருத்துவர் தெரியாவிட்டால் இந்த எண்ணில் அழைக்கவும்.”

இதில் ‘இந்திய நேரம்’ என்ற சொற்கள் வீண் அல்ல. லண்டனிலிருந்து பேசும் ஒருவருக்கு அது கோடையில் பகல் 12 மணி, குளிர்காலத்தில் 11 மணி. குரோம் என்று பெயர் சொல்வதற்கும் காரணம் உண்டு: சில செயலிகள் தமக்குள்ளேயே லிங்கைத் திறக்கும்போது கேமராவுக்கு அனுமதி கேட்கும் பெட்டி வராமலே போகிறது. ஆலோசனையின் நடுவே சாதாரண அழைப்பு வந்தால் மைக் அதனிடம் போய்விடுவதால், அழைப்பை எடுக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்ப்பதும் நல்லது. இணைய வேகத்தைப் பற்றிக் கேட்டால் பலரும் பதிவிறக்க வேகத்தையே சொல்வார்கள். ஆனால் தோலில் உள்ள தடிப்பை மருத்துவருக்குக் காட்ட வேண்டியது நோயாளி என்பதால், பார்க்க வேண்டியது பதிவேற்ற வேகம்.

அரைமணி முன்னதாகச் சோதிக்கச் சொல்லும் வரியையும், மறுமுனையில் எடுக்க ஆள் உள்ள தொலைபேசி எண்ணையும் சேர்க்க மருத்துவமனைக்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. லிங்க் மட்டும் வந்திருந்தால், அவ்விரண்டையும் நோயாளியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.