கீறல் விழாத பெட்டி

பயண விளம்பரங்களில் வரும் சூட்கேஸ் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நிற்கும். வெறும் தரை, முழுக்க இழுத்து உயர்த்திய கைப்பிடி, ஒரே திசையில் திருப்பி வைத்த நான்கு சக்கரங்கள், மின்னும் உடல். அதில் ஒரு கைரேகைகூட இருக்காது.

இப்படியொரு படம் எடுப்பது எளிதல்ல. பளபளக்கும் பெட்டியில் எதிரே இருப்பதெல்லாம் தெரியும்: கேமரா, கேமராக்காரர், கூரையில் தொங்கும் விளக்கு. அதனால் பெட்டியின் பக்கத்தில் பெரிய வெள்ளைத் திரை ஒன்றை நிறுத்தி, அதன் பின்னாலிருந்து ஒளியைப் பாய்ச்சுவார்கள். படத்தில் விளிம்போரமாக மேலிருந்து கீழே இறங்கும் வெள்ளைப் பட்டை அந்தத் திரையின் பிம்பம்தான். மறுபக்கம் கறுப்பு அட்டை வைத்தால் ஓரம் இருண்டு, வடிவம் எடுப்பாகத் தெரியும். புதுப் பெட்டியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கடைசி நேரத்தில்தான் உரிக்க வேண்டும். அதன் பிறகு கையுறை போட்ட கைதான் தொடலாம்.

இவ்வளவு பதவிசாகக் கையாளக் காரணம் உண்டு. விலை கூடிய கடினப் பெட்டிகள் பலவும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் 1953இல் உருவாக்கிய பொருள் அது. 2000இல் ரிமோவா நிறுவனம் அதில் சூட்கேஸ் செய்தது. காவலர்கள் கலவரத்தின்போது ஏந்தும் கேடயமும் இதே பிளாஸ்டிக்தான். அடித்தால் வளையும், சட்டென்று உடையாது. ஆனால் மேற்பரப்பு மென்மையானது, சுலபமாகக் கீறிக்கொள்ளும். கார் முகப்பு விளக்குக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் இதைப் பயன்படுத்தும்போது மேலே தனியாக ஒரு கடினப் பூச்சு கொடுப்பது அதனால்தான்.

விலை குறைந்த பெட்டிகளில் இருப்பது ஏபிஎஸ். இது அவ்வளவு வளைந்து கொடுக்காது. பலமாக மடங்கிய இடத்தில் வெள்ளையாகத் தடம் விழும். உள்ளே நுண்ணிய விரிசல்கள் கண்டுவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். இரண்டுக்கும் நடுவே, ஏபிஎஸ் தகட்டின் மேல் பாலிகார்பனேட் படலம் சேர்த்த பெட்டிகளும் விற்கின்றன. கடையில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே மின்னும். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால்தான் எது எதுவென்று தெரியும்.

பொருள் நல்லதாக இருந்தாலும் பெட்டி உடைவது பெரும்பாலும் மூலையில்தான். அதற்குக் காரணம் செய்முறை. தட்டையான தகட்டைச் சூடாக்கி இளக்கி, அச்சின் மேல் போர்த்தி, இடையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். தகடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். 55 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம் உள்ள பெட்டியின் ஒரு பாதியை எடுத்துக்கொள்வோம். சட்டத்துக்குள் இருக்கும் தகட்டின் பரப்பு 1,925 சதுர செ.மீ. அதை 12 செ.மீ. ஆழத்துக்கு இழுத்தால் நான்கு பக்கச் சுவர்களும் சேர்ந்து பரப்பு ஏறத்தாழ 4,085 ஆகிவிடும். பிளாஸ்டிக்கின் அளவோ அதேதான். அப்படியானால் 2 மி.மீ. தகடு சராசரியாக 1 மி.மீ.க்கும் கீழே மெலிந்துபோகிறது. மூலை எல்லாத் திசையிலும் இழுபடுவதால் அங்கே இன்னும் மெலிவு. விமான நிலையத்தில் பெட்டி விழும்போது முதலில் தரையில் மோதுவதும் அந்த மூலைதான். வடிவமைப்பாளர்கள் மூலையைக் கூர்மையாக விடாமல் உருட்டுவது வெறும் அழகுக்காக அல்ல.

வாங்கும்போது உள்துணியின் ஜிப்பைத் திறந்து, மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். வெளிர் நிறப் பெட்டியானால் உள்ளிருந்து செல்போன் விளக்கை அடித்துப் பாருங்கள்; மெலிந்த இடத்தில் வெளிச்சம் கூடுதலாகக் கசியும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்கக்கூடும், பார்க்கட்டும்.

சக்கரமும் இழுத்து நீட்டும் கைப்பிடியும் ஒன்றாக வந்தவை அல்ல. அமெரிக்கரான பெர்னார்ட் சாடோ 1972இல் காப்புரிமை பெற்ற பெட்டியில் சக்கரம் இருந்தது, இழுக்க ஒரு வார்தான் இருந்தது. நிமிர்த்தி இழுக்கும் நீள் கைப்பிடியைச் சேர்த்தவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி, ஆண்டு 1987. விமானத்துக்குள் கொண்டுபோகும் பெட்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியது உயரம். இண்டிகோ அனுமதிக்கும் 55 செ.மீ. சக்கரத்தையும் சேர்த்துத்தான். சில கடைச் சீட்டுகளில் உடலின் உயரம் மட்டும் போட்டிருக்கும், ஆகவே டேப் வைத்து அளந்துவிடுவது நல்லது.

பளபளப்பு பிடிக்கும் என்பவர்கள் வாங்கட்டும். முதல் பயணத்திலேயே கோடுகள் விழும், அதனால் பெட்டியின் வலு குறையாது. கோடு கண்ணில் படக்கூடாது என்றால் சொரசொரப்பான அல்லது வரி வரியான பரப்பு உள்ளதை எடுக்கலாம். ஆனால் விமான நிலையத்தில் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்க நகப்பூச்சு ரிமூவரோ தின்னரோ போடக்கூடாது. அவற்றிலுள்ள அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். பாலிகார்பனேட்டை மங்கச் செய்து வெடிப்பு விழ வைக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டு வைத்தால் பசை இளகிவிடும்.