சந்தை எங்கே இருக்கிறது?

மக்காவைத் துறந்து வெறுங்கையராய் மதீனா வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை, அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களுடன் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உடன்பிறப்பாய் இணைத்து வைத்த வரலாறு புகாரியில் பதிவாகியுள்ளது. ஸஅத் (ரலி) அவர்கள் ஆறுதல் மொழி கூறி அமைந்துவிடவில்லை; தம் செல்வத்தில் சரிபாதி என்று அளவு குறித்தே தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ அவருக்காக துஆ செய்துவிட்டு, “இங்கே சந்தை எங்கே இருக்கிறது?” என்று வினவினார்கள். பனூ கைனுகா சந்தைக்கு வழி காட்டப்பட்டது. உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும் விற்று அவர்கள் வாழ்வைத் தொடங்கினார்கள்.

கேட்டவருக்குத் தேவைப்பட்டது எதுவென்று பாருங்கள், அதுவே கொடுக்கப்பட்டது. உங்கள் நண்பர் ஒருவர் கிழக்குத் தாம்பரத்தில் மாலை நேரச் சமோசாக் கடை போட எண்ணியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் “இன்ஷா அல்லாஹ், நன்றாக நடக்கும்” என்று கூறுவதற்கு முன், இரண்டு மாலைப் பொழுதுகளை அவருக்குக் கொடுங்கள். அவர் குறித்து வைத்துள்ள இடத்தில் ஆறு மணி முதல் எட்டு மணி வரை உடன் நின்று, கடந்து செல்வோர் எத்தனை பேர், அவர்களில் நின்று தின்பதற்கு நேரம் உள்ளவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பழைய நினைவை நம்பி இடம் பிடித்தல் இப்பகுதியில் ஆபத்தானது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், வெளியூர்ப் பயணிகள் காத்து நிற்கும் இடங்களே மாறிவிட்டன. பெருங்களத்தூர்ச் சாலையோரத்தில் முன்பு கண்ட கூட்டத்தை மனத்தில் வைத்து இன்று வண்டி நிறுத்துபவர் ஏமாறக்கூடும்.

அடுத்தது பணம். சிறு வியாபாரிகளிடம் நம் ஊர்களில் எளிதில் வந்து சேர்வது தண்டல் பணம். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். நூற்றுக்குப் பத்துதானே என்று தோன்றும். ஆனால் பணம் அன்றாடம் திரும்பிக்கொண்டே இருப்பதால், கடைக்காரர் கையில் சராசரியாக நிற்பது ஏறத்தாழ 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் என்றால், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வட்டி! ஆண்டுக்கணக்கில் அது எங்கே போய் நிற்கும் என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

நீங்கள் செய்யத்தக்கது இந்தத் தண்டலின் இடத்தில் நிற்பதே. அதே 10,000 ரூபாயைக் கர்ழு ஹஸனாவாக முழுமையாகக் கொடுங்கள். அதே 100 ரூபாயை நாள்தோறும் உண்டியலில் இட்டு வாரம் ஒருமுறை தரட்டும். எழுதிக்கொள்ளுங்கள். நண்பரிடம் எழுத்து வாங்குவதா என்று கூச வேண்டாம். கடனை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அதற்கு முந்தைய 280ஆம் வசனம், இயலாதவருக்கு அவகாசம் தரச் சொல்கிறது. ஆகவே மழைநாட்களுக்கு விடுமுறை உண்டு என்பதையும் அந்தத் தாளிலேயே குறியுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, ஐப்பசி கார்த்திகையில் தள்ளுவண்டி வியாபாரம் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. தாமதமானால் உங்கள் வீட்டு வாடகை தடைப்படும் அளவுக்குக் கொடுக்காதீர்கள். 3,000தான் இயலுமென்றால் 3,000 கொடுங்கள்.

இங்கே பலர் சறுக்குவதுண்டு. “நானும் பங்குதாரன்; லாபமோ நஷ்டமோ, மாதம் 500 ரூபாய் கொடுத்துவிடு” என்பார்கள். பெயர் கூட்டு, பொருள் வட்டி. உண்மையிலேயே முதலீட்டாளராக விரும்பினால் முளாரபா முறை இருக்கிறது. அதில் லாபத்தில் இத்தனை பங்கு என்று விகிதம்தான் பேசலாம், தொகை பேசலாகாது. உழைப்பவரின் கவனக்குறைவின்றி நேரும் நஷ்டம் பணம் போட்டவரைச் சேரும். உழைத்தவர் இழப்பது தம் உழைப்பை. அதற்கு மனம் துணியவில்லையெனில், கடனாகவே கொடுத்துவிடுதல் நலம்.

பணமில்லாதவர்க்கும் வேலை உண்டு. பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்கு அவருடன் சென்று, முக்காலியும் வாணலியும் பழைய விலைக்குப் பேரம் பேசி வாங்கிக் கொடுக்கலாம். எடைபோட்டு விற்கும் சரக்கும் உண்டென்றால், அங்கே கிடைக்கும் பழைய தராசை அப்படியே பயன்படுத்த விடாதீர்கள். நடப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் முத்திரையிடச் செய்த பின்னரே கடையில் வைக்கட்டும். உதயம் பதிவுக்கு அரசு கட்டணம் ஏதும் வாங்குவதில்லை. இதற்கென இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காமல் நீங்களே அருகிலிருந்து பதிந்து கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவர் செல்லும்போது, முஸ்லிமல்லாத நண்பர் ஒருவர் வண்டிக்குக் காவல் நின்றால் அதுவும் பெரிய உதவியே.

இறுதியாக, கடை திறந்த முதல் மாதம் நண்பர்கள் கூட்டமாய் வந்து, தின்றுவிட்டு, “கணக்கில் எழுதிக்கொள், பாய்” என்று எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அந்நியர் எவரும் அப்படிச் செய்வதில்லை! நான்கு சமோசா வாங்கினால் நான்குக்கும் காசு வையுங்கள். உப்பு கூடியிருந்தால், மற்றவர் எதிரில் கூறாமல், வண்டியைக் கழுவும் நேரத்தில் சொல்லுங்கள்.