பாதி கெட்ட பேக்கப்பிலிருந்து மீதி கிடைக்குமா?

லினக்ஸ் கணினியில் 100 கோப்புகள் உள்ள ஒரு ஃபோல்டரை ஒரே கோப்பாகக் கட்டி, வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறீர்கள். சில ஆண்டுகள் கழித்து, 40ஆவது கோப்பு இருக்கும் இடத்தில் டிஸ்க் கெட்டுப்போகிறது. மற்றவற்றில் எத்தனை கிடைக்கும்?

ஜிப் என்றால் 99 கிடைக்கும். அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. எது கெட்டது என்று `unzip -t` காட்டிவிடும். டாரிலும் 99 கிடைக்கும், ஆனால் அங்கே வேறொரு ஆபத்து இருக்கிறது. கோப்பின் பெயரும் அளவும் எழுதிய தலைப்புக்கு மட்டுமே டாரில் சரிபார்ப்பு எண் உண்டு, உள்ளடக்கத்துக்குக் கிடையாது. அதனால் கெட்ட 40ஆவது கோப்பையும் நல்லது போலவே பிரித்துக் கொடுத்துவிடும்.

டாரை ஜிஜிப்பால் சுருக்கி `.tar.gz` ஆக்கினால் கதை மாறுகிறது. மொத்தமும் ஒரே தொடராகச் சுருங்குவதால், 40க்குப் பின்னால் உள்ளவை பெரும்பாலும் போய்விடும். செவன்-ஜிப்பும் பல கோப்புகளைச் சேர்த்து ஒரே கட்டாகச் சுருக்கும். அதன் அளவு மிகச் சிறிதாவதற்கு அதுவும் ஒரு காரணம், ஒரு பிழை அந்தக் கட்டின் மீதியையும் இழுத்துக்கொண்டு போவதும் அதனால்தான். `-ms=off` கொடுத்தால் தனித்தனியாகச் சுருக்கும், அளவு கூடும்.

நகலெடுக்கும்போது பாதியில் நின்று, வால் பகுதி இல்லாமல் போனால்? டார் முன்னாலிருந்து படிப்பதால் இருக்கும்வரை கிடைக்கும். ஜிப்பின் அட்டவணை கடைசியில் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு கோப்பின் முன்னும் சிறு தலைப்பு உண்டு என்பதால் `zip -FF` அதைத் தேடி மீட்கும். செவன்-ஜிப்பின் அட்டவணையும் கடைசியில்தான். அது போனால் வழக்கமாகக் கோப்பே திறக்காது.

அடுத்தது அனுமதிகள். யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் உரிமையாளர் என்பதெல்லாம் டாரில் முதலிலிருந்தே இருக்கின்றன. ரூட்டாகப் பிரித்தால் அப்படியே திரும்பும். லினக்ஸில் செய்த ஜிப் அனுமதிகளைக் காக்கும். உரிமையாளரைத் திரும்பப் பெற `unzip -X` வேண்டும், அதையும் ரூட்டாகத்தான் செய்ய வேண்டும். செவன்-ஜிப் உரிமையாளரைச் சேமிப்பதே இல்லை. லினக்ஸ் பேக்கப்புக்கு இந்த வடிவத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் லினக்ஸ் பதிப்பான p7zip-இன் கையேடே எச்சரிக்கிறது.

சர்வர் ஃபோல்டருக்கு நான் சுருக்காத டாரையே தேர்ந்தெடுப்பேன். போட்டோக்கள் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றை மறுபடி சுருக்கினாலும் பெரிதாக மிச்சமாகாது. டாரின் குறையைத் தீர்க்க பார்2 இருக்கிறது:

```
sudo tar -cf kadai.tar -C /srv kadai
par2 create -r10 kadai.tar
```

கூடுதலாகச் சுமார் 10 சதவீத இடம் எடுத்து, ஏறக்குறைய அந்த அளவு சேதம்வரை இது பழுதுபார்க்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை `par2 verify kadai.tar` ஓட்டுங்கள். பழுது என்று சொன்னால் `par2 repair kadai.tar` கொடுத்து, சரியான கோப்பை உடனே வேறொரு டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள். ஒரு இடம் கெட்ட டிஸ்கில் அடுத்த இடமும் கெட வாய்ப்பு அதிகம்.